வேலைக்குப் போய்க்கொண்டே லாப்லாஸ், இசட், ஃபூரியர் என்ற மூன்று உருமாற்றங்களையும் 14 நாளில் தேர்வுக்குத் திருப்பிப் படிப்பது எப்படி?

பாடப்புத்தக வரிசையை இந்த இரண்டு வாரமும் மறந்துவிடுங்கள். லாப்லாஸ், அடுத்து இசட், கடைசியில் ஃபூரியர் என்று போங்கள். முதல் இரண்டிலும் தலைகீழ் உருமாற்றத்துக்குப் பகுதிப் பின்னம் வேண்டும். ஒரு முறை கை பழகினால் இரண்டுக்கும் உதவும். அதனால் முதல் இரண்டு நாளும் பகுதிப் பின்னம் மட்டும் போடுங்கள்.

வேலை நாளில் ஒன்றேகால் மணி நேரம், விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் போதும். புதுக் கணக்கைக் காலையில் போடுங்கள். வேலை முடிந்து களைத்து வரும் இரவில், சூத்திர அட்டவணையைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தால் போதும். அந்த நேரத்தில் போடும் நீளக் கணக்கில் குறிப்பிழைதான் மிஞ்சும்.

3 முதல் 7ஆம் நாள் வரை லாப்லாஸ். இதில் அதிக மதிப்பெண் போவது தொடக்க மதிப்பை விட்டுவிடுவதால்தான். y'' + 3y' + 2y = 0, y(0) = 1, y'(0) = 0 என்று வைத்துக்கொள்வோம். y'' என்பது s²Y − s ஆகும், 3y' என்பது 3sY − 3 ஆகும். ஆக Y = (s+3)/((s+1)(s+2)), விடை 2e⁻ᵗ − e⁻²ᵗ. பலர் அந்த 3-ஐ எழுத மறந்து −e⁻ᵗ + 2e⁻²ᵗ என்று முடிப்பார்கள். இதிலும் y(0) = 1 வந்துவிடும், அதனால் தவறு தெரியாது. y'(0) போட்டுப் பார்த்தால் 0-க்குப் பதில் −3 வரும். இரண்டு தொடக்க மதிப்புகளையும் சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

8 முதல் 10 வரை இசட். X(z) = z/((z−1)(z−2)) என்றால் நேராகப் பிரிக்காதீர்கள். முதலில் z-ஆல் வகுத்து, X(z)/z-ஐப் பிரித்து, பிறகு z-ஆல் பெருக்குங்கள். அப்போதுதான் z/(z−2) − z/(z−1) என்று அட்டவணையில் உள்ள வடிவம் கிடைக்கும். விடை 2ⁿ − 1. நேராகப் பிரித்தால் 2/(z−2) வரும். அதை 2·2ⁿ என்று தவறாக எழுதிவிடுவார்கள். நீள்வகுத்தல் செய்து பாருங்கள்: z⁻¹ + 3z⁻² + 7z⁻³ என்று போகும். x(0) = 0 என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

11 முதல் 13 வரை ஃபூரியர். தொகையிடும் முன் சார்பு இரட்டையா ஒற்றையா என்று பாருங்கள். இரட்டை என்றால் சைன் பகுதி முழுவதும் பூஜ்ஜியம், பாதி வேலை மிச்சம். |x| < a-இல் 1, வெளியே 0 என்ற சார்புக்கு ஒரு நூலில் 2 sin(as)/s இருக்கும், இன்னொன்றில் √(2/π)·sin(as)/s இருக்கும். இரண்டும் சரி, 1/√(2π) எங்கே வைக்கப்பட்டது என்பதுதான் வித்தியாசம். உங்கள் பாடத்திட்டத்தின் வரையறையை விடைத்தாளின் முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

14ஆம் நாளை விடுமுறை நாளாக அமைத்துக்கொண்டு, ஒரு பழைய வினாத்தாளை முழு நேரமும் உட்கார்ந்து எழுதுங்கள். இடையில் கூடுதல் ஷிஃப்ட் வந்து ஒரு நாள் போய்விட்டால், ஃபூரியரில் ஒரு நாளைக் குறையுங்கள். பகுதிப் பின்னத்துக்கான நாட்களில் கை வைக்காதீர்கள்.