ஐராக் முறையில ப்ராப்ளம் கேள்வி: ஒரு டிராக்டர், மூணு கடிதம், ஒரு போன்

கேள்வி: லா காலேஜ் முதல் வருஷம். செக்‌ஷன், கேஸ் எல்லாம் சரியாத்தான் எழுதுறேன், ஆனா ப்ராப்ளம் கேள்வில பாதி மார்க்க தாண்டவே மாட்டேங்குது. ஐராக் ஐராக்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமா எப்படி எழுதணும்?

பதில்:

செக்‌ஷனும் கேஸும் சரியா இருந்தும் மார்க் வரலன்னா, பெரும்பாலும் ஓட்டை அப்ளிகேஷன்லதான் இருக்கும், அதாவது ஐராக்ல வர்ற இஷ்யூ, ரூல், அப்ளிகேஷன், கன்க்ளூஷன்ங்கற நாலு படில, ரூல ஃபேக்டோட பொருத்தற மூணாவது படில. ரூல ஒரு பக்கம் எழுதிட்டு, "மேற்கண்ட பிரிவின்படி ஒப்பந்தம் செல்லும்"னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. நான் ஜூனியர் பசங்களோட ஆன்சர்ஸ் பாக்குறப்ப திரும்பத் திரும்ப பாக்குறது இதுதான். பொதுவா சொன்னா புரியாது, ஒரு கணக்கையே போட்டுப் பாப்போம்.

மதுரைல இருக்கற குமார், திருநெல்வேலி ரவிக்கு தன்னோட பழைய டிராக்டர 3 லட்சத்துக்கு தர்றேன்னு 1ம் தேதி கடிதம் போடுறார். அது 3ம் தேதி ரவிக்கு கிடைக்குது. 4ம் தேதி குமார் மனசு மாறி, ஆஃபர வாபஸ் வாங்குறேன்னு இன்னொரு கடிதம் போடுறார். அது தெரியாம 5ம் தேதி ரவி சம்மதம்னு கடிதம் போட்டுடறார். குமாரோட வாபஸ் கடிதம் ரவிக்கு 6ம் தேதி வருது. 7ம் தேதி ரவி போன் பண்ணி, எனக்கும் டிராக்டர் வேணாம்னு குமார்கிட்டயே சொல்லிடறார். 8ம் தேதிதான் ரவியோட சம்மதக் கடிதம் குமார் கைக்கு போகுது. யார் யார எப்படி கட்டுப்படுத்த முடியும்?

முதல்ல இஷ்யூ. "இதுல ஒப்பந்தம் இருக்கா இல்லையா"ன்னு எழுதினா அது கான்ட்ராக்ட் பேப்பர்ல பாதி கேள்விக்கு பொருந்தும், அதனால இந்தக் கேள்விக்கு உதவாது. இஷ்யூக்குள்ள இந்தக் கணக்கோட ஃபேக்ட் இருக்கணும். இங்க ரெண்டு இஷ்யூ. ஒண்ணு, 4ம் தேதி போட்டு 6ம் தேதி கிடைச்ச வாபஸ், 5ம் தேதி தபால்ல சேர்த்த அக்செப்டன்ஸ தடுக்குமா? ரெண்டு, அந்த அக்செப்டன்ஸ் 8ம் தேதி போய்ச் சேர்றதுக்கு முன்னாடி 7ம் தேதி போன்ல ரவி அத வாபஸ் வாங்க முடியுமா? இப்படி தேதியோட எழுதிட்டாலே எந்த ரூல் வேணும், எது வேணாம்னு தானா தெரிஞ்சிடும். நிறைய பேர் முதல் இஷ்யூவோட நிறுத்திடறாங்க, போன் கால கண்டுக்கறதே இல்ல. கேள்வில காரணம் இல்லாம ஒரு தேதிய போட மாட்டாங்க, நீங்க பயன்படுத்தாத தேதி ஒண்ணு மிச்சம் இருந்தா ஒரு இஷ்யூவ விட்டுட்டீங்களான்னு திரும்பிப் பாருங்க.

ரூல்: இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, செக்‌ஷன் 4, 5. இது மட்டும் போதும். ஆஃபர்னா என்ன, அக்செப்டன்ஸ்னா என்ன, கார்லில் கேஸ் 1893 எல்லாம் இங்க வேண்டியதில்ல, ஏன்னா ஆஃபர் இருக்கறதுலயோ சம்மதம் சொன்னதுலயோ யாருக்கும் தகராறு இல்ல. செக்‌ஷன் 4 சொல்றது இவ்வளவுதான்: அக்செப்டன்ஸ திரும்பப் பிடிக்க முடியாதபடி அனுப்பினதுமே அது ஆஃபர் கொடுத்தவருக்கு எதிரா முழுமையாயிடும், ஆனா அக்செப்ட் பண்ணவருக்கு எதிரா அது முழுமையாகறது ஆஃபர் கொடுத்தவருக்கு தெரிய வரும்போதுதான். வாபஸும் அதே மாதிரி, வாபஸ் வாங்கறவருக்கு எதிரா அனுப்பினப்பவே, எதிர்ல இருக்கறவருக்கு எதிரா அவருக்கு தெரிய வரும்போது. செக்‌ஷன் 5, ஆஃபர வாபஸ் வாங்கணும்னா அக்செப்டன்ஸ் ஆஃபர் கொடுத்தவருக்கு எதிரா முழுமையாகறதுக்கு முன்னாடி வாங்கணும், அக்செப்டன்ஸ வாபஸ் வாங்கணும்னா அது அக்செப்ட் பண்ணவருக்கு எதிரா முழுமையாகறதுக்கு முன்னாடி வாங்கணும்னு சொல்லுது. இந்த "யாருக்கு எதிரா"ங்கற பகுதிதான் மொத்த கணக்குக்கும் ஆணிவேர், இத விட்டுட்டு "தபால்ல போட்டாலே முழுமை"ன்னு எழுதினா அதுக்கப்புறம் என்ன எழுதினாலும் தப்பாத்தான் போகும்.

இப்ப அப்ளிகேஷன். ரூல்ல இருக்கற ஒவ்வொரு துண்டையும் எடுத்து அதுக்கு நேரா ஒரு ஃபேக்ட வைக்கணும், ரெண்டையும் "ஏன்னா"வால கட்டணும். முதல் இஷ்யூவுக்கு நான் எழுதறதா இருந்தா இப்படி எழுதுவேன்:

"குமார் 4ஆம் தேதி வாபஸ் கடிதத்தை அனுப்பியதால், அது அவருக்கு எதிராக அன்றே முழுமையடைந்தது. ஆனால் இங்கே பார்க்க வேண்டியது அது ரவிக்கு எதிராக எப்போது முழுமையடைந்தது என்பதே. ரவிக்கு அது 6ஆம் தேதிதான் தெரியவந்தது. அதற்குள், 5ஆம் தேதியே ரவி ஏற்புக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டதால், ஏற்பு குமாருக்கு எதிராக முழுமையடைந்துவிட்டது. எனவே வாபஸ் காலம் கடந்தது."

இதுல மூணாவது தேதி வரைக்கும் நான் முடிவே சொல்லல பாருங்க. குமார் பக்கம் என்ன வாதம் வரும், "நான் 4ம் தேதியே போட்டுட்டேனே"ன்னு, அதயும் முதல் வாக்கியத்துலயே எடுத்து வச்சு பதில் சொல்லியாச்சு. எதிர்வாதத்த தனி பாரா போட்டு எழுதணும்னு அவசியம் இல்ல, இப்படி உள்ளயே வந்தா இன்னும் நல்லா இருக்கும்.

ரெண்டாவது இஷ்யூ: ரவியோட அக்செப்டன்ஸ் ரவிக்கு எதிரா 8ம் தேதிதான் முழுமையாகுது, ஏன்னா அன்னிக்குத்தான் குமாருக்கு தெரியுது. 7ம் தேதி போன்ல சொன்ன வாபஸ அவரு காதாலயே கேட்டுட்டார், அதாவது கடிதத்துக்கு ஒரு நாள் முன்னாடியே அவருக்கு தெரிஞ்சிடுச்சு. அதனால வாபஸ் செல்லும்.

இங்க ஒரு பொறி இருக்கு. கேள்வில போன்னு பாத்ததும் பகவான்தாஸ் கெடியா கேஸ (1966, உச்ச நீதிமன்றம்) தூக்கிட்டு வந்து போட்டுடுவாங்க. அந்தத் தீர்ப்பு போன்ல சொல்ற அக்செப்டன்ஸ பத்தினது, ஆஃபர் கொடுத்தவர் காதுல அது எங்க விழுதோ அங்கதான் ஒப்பந்தம் உருவாகுதுன்னு சொல்லுது, அதுலயும் நீதிபதி ஹிதாயத்துல்லா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நம்ம கணக்குல அக்செப்டன்ஸ் கடிதத்துல போயிருக்கு, போன்ல வந்தது வாபஸ், அதனால அந்த கேஸுக்கு இங்க வேலையே இல்ல. ஒருவேளை 5ம் தேதி ரவி போன்லயே சம்மதம் சொல்லியிருந்தா கதை வேற, குமார் கேட்ட அந்த நிமிஷமே ரெண்டு பேரும் மாட்டிக்குவாங்க, 7ம் தேதி வாபஸுக்கு இடமே இல்ல. அப்ப அந்த கேஸ எழுதலாம். அக்செப்டன்ஸ தபால்ல போட்டதுமே ஒப்பந்தம் உருவாயிடும்ங்கற இங்கிலாந்து தபால் விதிய பத்தின ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் (1818) கேஸ எழுதறவங்களும் உண்டு, ஆனா நம்ம சட்டம் அக்செப்ட் பண்ணவருக்கு தனியா ஒரு நேரம் வச்சிருக்கு, அந்த கேஸ அப்படியே போட்டு முடிச்சா ரெண்டாவது இஷ்யூல தப்பான விடைக்கு போயிடுவீங்க.

கன்க்ளூஷன் ரெண்டு வரி போதும், ஆனா இஷ்யூ எத்தனையோ அத்தனைக்கும் பதில் இருக்கணும், கேட்டவங்க கேட்ட விதத்துலயே இருக்கணும். "குமாரின் வாபஸ் செல்லாது, ஆனால் ரவியின் வாபஸ் செல்லும், ஆகவே டிராக்டர் விஷயத்தில் யாரும் யாரையும் கட்டுப்படுத்த முடியாது." இதுக்கு மேல புது செக்‌ஷனோ புது கேஸோ இங்க வரக்கூடாது, வந்துச்சுன்னா அது ரூல்ல இருந்திருக்க வேண்டியது.

கேள்வில ஒரு ஃபேக்ட் சொல்லாம விட்டிருந்தா, உதாரணமா ரவி விலாசத்த சரியா எழுதினாரான்னு இல்லன்னா, "விலாசம் சரியாக எழுதப்பட்டதாகக் கொண்டால்"னு அப்ளிகேஷன்லயே ஒரு வார்த்தை சேர்த்துட்டு போயிடுங்க. நீங்களா ஒரு கதைய கட்டி அதுக்கு பதில் எழுத ஆரம்பிச்சிடாதீங்க.