சீழை எந்தப் புட்டியில் போட்டார்கள்?

அன்புள்ள டாக்டர்,

என் அப்பாவுக்கு வயது 58. ஏழு மாதமாக நடுமுதுகில் வலி. வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தோம். பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தோம், தேய்மானம் என்றார்கள். போன வாரம் எடுத்த எம்ஆர்ஐ-யில் முதுகெலும்பில் டி10, டி11 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் இடைவெளி போய்விட்டது, எலும்பு நசுங்கியிருக்கிறது, பக்கத்தில் சீழ்க்கட்டி இருக்கிறது, டிபியாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்கு இருமலே கிடையாது. டாக்டர் ஊசி விட்டுச் சீழ் எடுக்க வேண்டும் என்கிறார். ஊசி பட்டால் பரவிவிடும், பேசாமல் மாத்திரையை ஆரம்பி என்கிறார் சித்தப்பா. ஆபரேஷன் தேவைப்படுமா? அவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறோம். படங்களை இணைத்திருக்கிறேன்.

கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்து மற்ற பாத்திரங்களோடு சேருங்கள். எலும்புக்குள் இருக்கும் டிபி தட்டு வழியாக யாருக்கும் ஒட்டாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள், அது போதும். ஏழு மாதம் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த மனிதரை இப்படி ஒதுக்கி உட்காரவைத்துச் சோறு போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இருமல் இல்லாததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிருமி எப்போதோ மூச்சில் நுழைந்து, ரத்தத்தில் ஏறி எலும்பில் போய்த் தங்கியிருக்கும். இருமாதவர்கள் நிறையப் பேர்.

படங்களை நேற்று ராத்திரி பார்த்தேன். எம்ஆர்ஐ-யைவிட அந்தப் பழைய எக்ஸ்ரேயைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டுப் படத்தில் டி10-க்கும் டி11-க்கும் நடுவில் உள்ள இடைவெளி, மேலே கீழே உள்ளவற்றில் பாதிகூட இல்லை. எலும்பின் விளிம்பு பென்சில் கோடு மாதிரி தெரிய வேண்டியது, ஈரம் பட்ட கற்கண்டு போலக் கரைந்திருக்கிறது. முன்பக்கப் படத்தில் முதுகெலும்பின் இரு ஓரமும் நூல் நூற்கும் கதிர் போல நடுவில் உப்பிய ஒரு நிழல். அதுதான் சீழ். அன்றைக்கே எல்லாம் அதில் இருந்தது. தேய்மானம் என்று சொன்னவரை எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் பேசியிருப்பேன். ஆனால் வலி குறையாமல் ராத்திரித் தூக்கமும் கெட்ட பிறகு, அந்தப் படத்தை அலமாரியில் வைத்துவிட்டு எண்ணெய்க்குத் திரும்பியது நீங்கள்.

பக்கத்துப் பக்கத்து எலும்பு இரண்டும் நடுவில் உள்ள டிஸ்க்கும் சேர்ந்து போவதற்குக் காரணம் உண்டு. மேல் எலும்பின் கீழ்ப்பாதிக்கும் கீழ் எலும்பின் மேல்பாதிக்கும் ஒரே ரத்தக்குழாய்தான் கிளை பிரிந்து போகிறது. கிருமி அதன் வழியே இரண்டிலும் இறங்குகிறது. டிஸ்க்குக்குத் தனியாக ரத்த ஓட்டம் இல்லை. மேலும் கீழும் எலும்பு அரிக்கப்பட்டதும் அதுவும் ஆகாரமில்லாமல் சுருங்கிப்போகிறது. உடம்பின் பாரம் முன்பக்கம் விழுவதால் எலும்பு முன்னால் ஆப்பு மாதிரி நசுங்குகிறது. அப்பாவின் முதுகை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பாருங்கள், ஓரிடத்தில் ஒரு முடிச்சு புடைத்திருக்கும். எம்ஆர்ஐ-யில் சீழ்ப்பை மெல்லிய, வழவழப்பான ஓரத்தோடு எலும்பின் முன்னால் டி9 முதல் டி12 வரை ஊர்ந்திருக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் டிஸ்க்கை விட்டுவிட்டு எலும்பைத் தின்னும், அதனால் அந்தப் பயம் குறைவு. டிபி என்று ரிப்போர்ட்டில் எழுதியவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். நானும் அதையே எழுதியிருப்பேன்.

இருந்தாலும் படம் கிருமியின் பெயரைச் சொல்லாது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதையும் சொல்லாது. உங்கள் சித்தப்பா பேச்சைப் படித்ததும் எனக்கு என் பெரியம்மா ஞாபகம் வந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

2006-இல் அவருக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் இதே நோய், எல்2, எல்3 எலும்புகளில். அங்கே உண்டாகும் சீழ் சோவாஸ் என்ற தசையின் உறைக்குள்ளேயே வழிந்து தொடையிடுக்கில் வந்து வீங்கும். தொட்டால் சூடு இருக்காது, சிவப்பும் இருக்காது. பெரியம்மாவுக்கு எலுமிச்சை அளவு வீக்கம். ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி விட்டு எடுத்தார்கள். தயிர் திரிந்த மாதிரி சீழ், பெரிய சிரிஞ்சில் இரண்டு முறை நிறைந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். நர்ஸ் ஒரு புட்டியை நீட்டினார், அத்தனையும் அதில் போயிற்று. மூக்கில் ஏறிய அந்த நெடி இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஃபார்மலின். டாக்டராகிய நான் வாயைத் திறக்கவில்லை.

ஃபார்மலினில் போட்டால் திசு கெடாது, ஆனால் கிருமி செத்துவிடும். செத்த கிருமியை வளர்க்க முடியாது. வளர்க்காமல் அன்றைக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க வழியில்லை. டிபிக்கான அறிகுறிகள் இருக்கின்றன என்று பயாப்சி ரிப்போர்ட் வந்தது, எல்லோரும் நிம்மதியானோம். நான்கு மாதம் மாத்திரை தவறாமல் சாப்பிட்டார். வீக்கம் திரும்பி வந்தது, கால் தளர்ந்தது. மறுபடி ஊசி, இந்த முறை சுத்தமான புட்டி, எட்டு வாரம் காத்திருந்தோம். டிபிக்கு முக்கிய மருந்துகளான ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத கிருமி. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது, ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. மருந்தை மாற்றி நோய் ஆறியது. ஆனால் வாக்கர் இல்லாமல் அவர் பிறகு நடக்கவே இல்லை.

ஊசியால் பரவும் என்பது தப்பு. சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே, நல்ல தசை வழியாகச் சாய்வாக ஊசியைச் செலுத்துவார்கள். சீழ் தொங்கும் இடத்தில் நேராகக் குத்தினால்தான் துளை ஆறாமல் ஒழுகும் அபாயம், அது தெரிந்தவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். இன்றைக்கு ஜீன்எக்ஸ்பர்ட் இருக்கிறது, நம் அரசு ஆஸ்பத்திரிகளில் சிபிநாட் என்பார்கள். இயந்திரத்தில் வைத்த இரண்டு மணி நேரத்தில் டிபியா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று சொல்லிவிடும். எலும்பு டிபியில் கிருமி கொஞ்சமாகவே இருக்கும் என்பதால் இல்லை என்று வந்தாலும் நம்பி விட்டுவிடக் கூடாது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கும் காத்திருக்க வேண்டும். இதற்கு நடுவில் யாராவது சிறுநீர்த் தொற்று என்று லெவோஃப்ளாக்சசின் எழுதிக்கொடுத்தால், ஊசி விஷயத்தைச் சொல்லுங்கள். அந்த மருந்து டிபி கிருமியைக் கொஞ்சம் அமுக்கும், சோதனையில் அகப்படாமல் போகலாம்.

ஆபரேஷன் கேட்டிருந்தீர்கள். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், அது காசநோய் ஆராய்ச்சி மையமாக இருந்த காலத்தில், நடமாடிக்கொண்டே மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களையும் ஆபரேஷனும் செய்துகொண்டவர்களையும் வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆறிவிட்டது. நம் நாட்டு வழிகாட்டுதலின்படி எலும்பு டிபிக்கு ஒரு வருடம் மருந்து. கூன் அதிகமாகிக்கொண்டே போனாலோ, தண்டுவடம் அழுத்தப்பட்டுக் கால் பலம் போனாலோதான் பெரும்பாலும் கத்தி. நடக்கும்போது கால் பின்னினாலோ, தொடைக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீர் நின்றாலோ, ரிசல்ட் வரட்டும் என்று உட்காராமல் அந்த ராத்திரியே கிளம்புங்கள். மற்றதை உங்கள் டாக்டர் நேரில் பார்த்து முடிவு செய்வார்.

ஊசிக்குப் போகும் அன்று நீங்களே கூடப் போங்கள், சித்தப்பாவை அனுப்பாதீர்கள். உள்ளே போகும்முன் எத்தனை புட்டி என்று கேளுங்கள். குறைந்தது இரண்டு வேண்டும். பயாப்சிக்கு ஃபார்மலின் உள்ளது ஒன்று, கல்ச்சருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் ஃபார்மலின் இல்லாத சுத்தமான புட்டி ஒன்று. வெளியே வந்ததும் லேபிளில் அப்பா பெயரும் சோதனையின் பெயரும் இருக்கிறதா என்று படியுங்கள். லேபுக்கு யார் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டு, யாரும் இல்லையென்றால் நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.