‘ஒரு நானூறு பேர் வருவாங்க’: சமையல் காண்டிராக்டரிடம் கேள்வி பதில்

கும்பகோணம் பக்கத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். சைவம் மட்டும். ஆள் கணக்கு, இலைக் கணக்கு பற்றிக் கேளுங்கள். ரேட் கேட்க வேண்டாம், அது மெனுவுக்கு மெனு மாறும்.

கேள்வி: மகள் கல்யாணம். ஒரு நானூறு, நானூற்றைம்பது பேர் வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். காண்டிராக்டர் சரியான எண் கேட்டு தினமும் போன் பண்ணுகிறார். இப்போதே எப்படிச் சொல்வது?

இப்போதே சொல்ல வேண்டாம். ஆனால் எந்த வேளைக்கு நானூறு என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன், மறுநாள் காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு என்று மூன்று வேளை இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே கூட்டம் வராது. முகூர்த்தம் வேலை நாளில் விழுந்தால் உள்ளூர்க்காரர்கள் ராத்திரியே வந்து மொய் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். காலை டிபனுக்கு மண்டபத்தில் தங்கியவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

போன மாதம் ஒருவர் இதே மாதிரி “ஒரு நானூறு” என்று வந்தார். பத்திரிகை கொடுத்த நோட்டை எடுத்து வரச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எத்தனை பேர், எந்த வேளை என்று அவர் மனைவி உட்கார்ந்து எழுதினார். கூட்டிப் பார்த்தால் ராத்திரிக்கு 420, காலைக்கு 160, மதியத்துக்கு 250 வந்தது. மூன்று வேளைக்கும் நானூறு என்று நான் எழுதியிருந்தால் காலையில் 240 பேர் இட்லி அப்படியே கிடந்திருக்கும்.

அடுத்தது கெடு. உங்கள் காண்டிராக்டரிடம் எந்தப் பொருளுக்கு எப்போது எண் வேண்டும் என்று கேளுங்கள். ஜாங்கிரி முதல் நாளே பிழிகிற பொருள், அதனால் அதற்கு முந்தின நாளே எண் கைக்கு வர வேண்டும். வடைக்கு உளுந்து ஊறப்போடும்போது தெரிந்தாக வேண்டும். சோற்றுக்குக் கடைசிவரை இடம் உண்டு. பந்தி நடக்கும்போதே இன்னும் இரண்டு கிலோ உலை வைக்கலாம், அது இருபது இலைக்கு வரும்.

எண் முடிவானதும் போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள். இப்படி எழுதி அனுப்புங்கள்:

“ராத்திரி 420 இலை. காலை 160. மதியம் 250. இனிப்பு இலைக்கு ஒன்று, வடை இலைக்கு ஒன்று. இதில் சின்னப் பிள்ளைகளும் அடக்கம்.”

அவர் அதே எண்களைத் திருப்பி எழுதி அனுப்ப வேண்டும். “ஓகே சார்” என்று மட்டும் பதில் வந்தால் மறுபடி கேளுங்கள். படித்தாரா, கட்டைவிரலைத் தட்டினாரா என்று அதில் தெரியாது.

கேள்வி: ஐம்பது பேருக்கு எவ்வளவு அரிசி?

முழுச் சாப்பாடு என்றால் ஐந்து, ஐந்தரை கிலோ. கலந்த சாதம் ஒன்று இருந்தால் கொஞ்சம் குறையும்.

கேள்வி: எதற்கு இந்தத் தலைவலி? எந்த எண் சொன்னாலும் பத்து சதவீதம் கூடப் போட்டுச் செய்தால் முடிந்தது. எங்கள் வீட்டு விசேஷங்களில் நாங்கள் அப்படித்தான்.

பாதி சரி. சோறு, சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் கரண்டிக் கணக்கு. ஆள் கூடினால் கரண்டி கொஞ்சம் சிறுக்கும், யாருக்கும் தெரியாது. வடை, ஜாங்கிரி, அப்பளம், வாழைப்பழம் இதெல்லாம் தலைக்கணக்கு. பத்து வடை குறைந்தால் பத்து இலையில் வடை இல்லை. அந்தப் பத்தில் ஒன்று சம்பந்தி வீட்டுப் பெரியவர் இலையாக இருந்தால் அந்தப் பேச்சு பத்து வருஷம் ஓடும்.

இன்னொன்று. நீங்கள் “ஒரு நூறு” என்று சொல்லும்போதே மனதில் பத்து கூட்டித்தான் சொல்வீர்கள். நடுவில் பேசிவிட்ட மாமா தன் பங்குக்குப் பத்து கூட்டுவார். மாஸ்டர் மளிகை லிஸ்ட் போடும்போது அவரும் கூட்டுவார். வரப்போகிற 90 பேருக்கு 120 பேர் சாமான் இறங்கும். கூட்டுவதை ஒரே ஒருவர் கூட்டட்டும்.

கேள்வி: போனில் 200 இட்லி சொன்னேன், 600 வந்தது. கடைக்காரர் நான் சொன்னதைத்தான் கொடுத்தேன் என்கிறார்.

அவரும் பொய் சொல்லவில்லை. இருநூறும் அறுநூறும் மண்டப இரைச்சலில் ஒன்றுதான். இருபது, அறுபதும் அப்படியே. “ரெண்டு, சைபர், சைபர்” என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுங்கள். “பத்து பன்னிரண்டு” என்றும் சொல்லாதீர்கள். ஒருவர் அதைப் பத்து தோசை, பன்னிரண்டு இட்லி என்று எழுதிக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆபீஸ் மீட்டிங்குக்கு நாலைந்து பேருக்கு டிபன். நாலு சொல்வதா ஐந்தா?

ஐந்து.

கேள்வி: ஐம்பது பேருக்கு மட்டன் பிரியாணி, எத்தனை கிலோ?

சைவம் என்று முதலிலேயே சொன்னேன். பிரியாணி மாஸ்டரைக் கேளுங்கள்.

கேள்வி: 300 பேருக்குப் பேசினோம். முடிவில் 342 இலை என்று பில் போட்டார்கள். வந்தது அவ்வளவு இல்லை. இலைக் கணக்கில் ஏமாற்றுவது உங்கள் தொழிலில் சகஜமா?

ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் இலை எண்ணும்போது உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றாரா? பந்திக்கு எத்தனை இலை விழுந்தது என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்புறம், மேளக்காரர்கள், போட்டோக்காரர்கள், வேன் டிரைவர்கள், மண்டபத்தில் பெருக்குகிறவர்கள் எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். உங்கள் 300-இல் அவர்கள் இருந்தார்களா?

அதே கேள்வியாளர்: அவர்களை நாங்கள் அழைக்கவில்லையே. அவர்கள் எப்படி எங்கள் கணக்கில் வருவார்கள்?

மேளத்தை நீங்கள்தானே பேசினீர்கள்? வாசித்தவர் பசியோடு போகலாமா?

வேறொருவர், தொழில்காரர்: நான் அவர்களுக்கு இலை கணக்குப் போடுவதே இல்லை. ஏழெட்டு பேர், மிஞ்சுகிற சோற்றிலேயே போய்விடும். இதற்குப் பில் போடுவது அற்பத்தனம்.

ஏழெட்டு என்றால் நானும் விட்டுவிடுவேன். இப்போது வீடியோ, டிரோன், மேக்கப், டெகரேஷன் என்று ஒரு படையே வருகிறது. போன முகூர்த்தத்தில் அது மட்டும் 31 பேர். 31 வடை மிச்சத்தில் வராது.

அதே தொழில்காரர்: அப்படியென்றால் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். பில்லில் காட்டுவது தப்பு.

பேசும்போதே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். யார் சொல்வது என்பதில்தான் தகராறு. உங்கள் பக்கம் காண்டிராக்டர் கேட்க வேண்டும் என்பார்கள், என் பக்கம் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும் என்பார்கள். 342 கேட்டவர் கதையில் யாருமே கேட்கவில்லை, அதனால் அந்த 42-இல் பாதி விட்டுக்கொடுக்கும்படி அவர் பேசிப் பார்க்கட்டும்.

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்கு அரை இலைதானே?

இலை போட்டு உட்கார்ந்தால் என் கணக்கில் முழு இலை. அம்மா இலையில் சாப்பிட்டால் கணக்கில்லை. வேறு ஊரில் வேறு மாதிரி செய்வார்கள், முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு ஐம்பது பேர் வருவார்கள். எவ்வளவு அரிசி வாங்கட்டும்?

மேலே இருக்கிறது.

கேள்வி: வாழையிலை ஐந்து கட்டு போதுமா?

கட்டுக்கு எத்தனை இலை என்று கடைக்காரரைக் கேட்டீர்களா? மார்க்கெட்டுக்கு மார்க்கெட் அது மாறும். இலை எண்ணிக்கை சொல்லி வாங்குங்கள், கிழிந்ததற்குச் சேர்த்து நூற்றுக்குப் பத்து கூட.

கேள்வி: வளைகாப்பு. நாற்பது, ஐம்பது பேர் இருக்கும். அரிசி எவ்வளவு சார்?

அம்மா, நாற்பதா ஐம்பதா? நோட்டை எடுத்து எண்ணிவிட்டு வாங்க, சொல்கிறேன்.