கேஸ் மறுபடியும் குறைந்தால் யாருடைய செலவு?

கேள்வி: பெருங்குடியில் ஒரு ஃபர்னிஷ்டு ஃபிளாட்டில் ஏழு மாதங்களாக வாடகைக்கு இருக்கிறேன். வீட்டோடு வந்த ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி பிப்ரவரியில் சரியாகக் குளிரவில்லை. கோவையில் இருக்கும் வீட்டு உரிமையாளர் தமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அனுப்பி கேஸ் நிரப்பிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே கதை. இப்போது ஏசியை நிறுத்தினால் தண்ணீரும் சொட்டுகிறது. "ஏசியை ஓட்டுவது நீங்கள், கேஸ் செலவும் உங்களுடையதுதான்" என்கிறார். மெக்கானிக் 3,200 ரூபாய் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? உறவு கசக்காமல் சர்வீஸ் கேட்பது எப்படி?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஏசியில் உள்ள கேஸ், அடுப்பு சிலிண்டரில் உள்ளதைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய செம்புக் குழாய்க்குள் அது திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிவருகிறது. குழாய் சரியாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் அதே அளவு உள்ளே இருக்கும். மூன்று மாதத்தில் அது உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதுதான் பொருள். பிப்ரவரியில் கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பியிருக்கிறார்கள். இப்போதும் அதையே செய்தால் ஆகஸ்டில் நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுத நேரிடும்.

ஆனால் கேஸ்தான் குறைந்திருக்கிறது என்று முடிவு செய்வதற்கு முன் உங்கள் பக்கத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. "நிறுத்தினால் தண்ணீர் சொட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல துப்பு. ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடர்ந்து சொட்டினால் பெரும்பாலும் டிரெயின் பைப்பில் அடைப்பு இருக்கும். ஓடும்போது சொட்டாமல், நிறுத்திய பிறகு கொட்டினால், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலின் மேல் பனிக்கட்டி படிந்திருந்து, அது உருகும்போது தட்டு கொள்ளாமல் வழிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கேஸ் குறைந்தால் காயிலுக்குள் அழுத்தம் இறங்கி, அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுவதால், அறைக் காற்றின் ஈரம் அதன் மேல் உறைகிறது. ஃபில்டரில் தூசி அடைந்து காற்று போதிய அளவு போகாவிட்டாலும் இதே பனி படியும் என்பதுதான் சிக்கல். உங்கள் உரிமையாளர் பிடித்துக்கொள்ளப் போகும் வாதமும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் ஏசியை நிறுத்தி, இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத் திறந்து காயிலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் வலையை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பனி முழுவதும் உருகும்வரை ஃபேன் மோடில் ஓடவிடுங்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், கீழே ஒரு வாளி வையுங்கள். பிறகு கதவு, ஜன்னல்களை மூடி, 18 டிகிரியில் வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். அறைச் சூட்டை அளக்கும் சாதாரண வெப்பமானி ஒன்று போதும் (காய்ச்சல் பார்ப்பது இதற்கு உதவாது). மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும், கீழே வெளியே வரும் வாயிலிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்து, மறுநாளும் பனி படியாவிட்டால், குற்றவாளி தூசிதான். உரிமையாளரிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை. வலை சுத்தமாக இருந்தும் வித்தியாசம் நான்கைந்து டிகிரியைத் தாண்டாமல், காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி தொடங்கினால், கேஸ் குறைவு என்ற சந்தேகம் வலுக்கிறது. வெளியே அவுட்டோர் யூனிட்டில் சேரும் இரண்டு குழாய்களில் மெல்லியதன் மேல் வெண்பனி தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதற்காகச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டாம்; ஜன்னலிலிருந்து தெரிந்தால் படம் எடுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, கேட்கும் முறை. நம்மில் பலர் "ஏசிக்கு கேஸ் போடணும் சார்" என்றுதான் கேட்கிறோம். நோயைச் சொல்வதை விட்டு மருந்தை நாமே எழுதிக் கொடுப்பது போன்றது அது; வருகிறவரும் கேட்டதைப் போட்டுவிட்டுப் போகிறார், கேட்டவரே பணமும் கொடுக்க நேர்கிறது. கண்டதை மட்டும் எழுதுங்கள், காரணத்தை மெக்கானிக் எழுதட்டும். தொலைபேசியில் பேசினாலும், பேசி முடித்தவுடன் அதையே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். படுக்கையறை ஏசி மறுபடியும் சரியாகக் குளிரவில்லை. நேற்று ஃபில்டரைக் கழுவிப் போட்டு, 18 டிகிரியில் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். உள்ளே போகும் காற்று 31, வெளியே வருவது 27 டிகிரி. காயிலின் ஒரு பக்கம் பனி படிகிறது, நிறுத்தினால் தண்ணீர் சொட்டுகிறது, படங்கள் அனுப்பியிருக்கிறேன். பிப்ரவரியில் கேஸ் நிரப்பியும் இப்படி ஆவதால், இந்த முறை கசிவு எங்கே என்று பார்க்கச் சொல்ல வேண்டுகிறேன். ஏசி வாங்கிய பில் இருந்தால் கம்பெனி சர்வீஸிலேயே புகார் பதிவு செய்துவிடலாம். சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரின் படமும் இணைத்திருக்கிறேன். வியாழன் மாலையும் சனிக்கிழமை முழுவதும் வீட்டில் இருப்பேன்."

இதில் யார் பணம் கொடுப்பது என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் தெரியாதபோது செலவைப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். பில்லைக் கேட்பதற்கும் காரணம் உண்டு: ஏசியின் வயது தெரியாமல் வாரண்டி இருக்கிறதா என்று சொல்ல முடியாது. கம்ப்ரஸருக்குப் பத்தாண்டு என்று விளம்பரம் செய்திருந்தாலும், கேஸுக்கும் காயிலுக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். வாரண்டி அட்டையில் தனித்தனியாக எழுதியிருக்கும். ஏசி உரிமையாளரின் கைபேசி எண்ணில் பதிவாகியிருந்தால், வேலை முடிந்ததாகக் காட்டும் ஓடிபி கோவைக்குப் போகும். ஆகையால் தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து குளிர்ச்சியைப் பார்த்த பிறகே ஓடிபியைச் சொல்ல வேண்டும் என்பதை அவரிடமும் தெரிவித்துவிடுங்கள்.

மெக்கானிக் வந்தவுடன் கேஜை மாட்டி, "பிரஷர் குறைவு மேடம், டாப்-அப் பண்ணிடலாம்" என்பார். அங்கேதான் நீங்கள் நிறுத்த வேண்டும். செய்ய வேண்டிய வேலையின் வரிசை வேறு: மீதியுள்ள கேஸை எடுத்துவிட்டு, குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்துடன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பது, கசிவை அடைப்பது, பிறகு வேக்குவம் பம்ப்பை அரைமணி நேரமாவது ஓட்டி உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது, கடைசியாக, யூனிட்டின் தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனையைத் தராசில் நிறுத்து ஏற்றுவது. நைட்ரஜன் உருளையும் தராசும் இல்லாமல் வருகிறவர் கசிவைப் பார்க்க வரவில்லை. இப்போது வரும் ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடிய கேஸ். எனவே வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அடுப்பையோ விளக்கையோ ஏற்றாதீர்கள்.

கசிவு பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றில் அகப்படும். குழாயும் யூனிட்டும் சேரும் ஃபிளேர் நட்டில் என்றால் வேலை எளிது. காயிலிலேயே பொத்தல் விழுந்திருந்தால், அதுவும் கடற்காற்று படும் சென்னையில் செம்பும் அலுமினியமும் அரிக்கப்படுவது சகஜமென்பதால், காயிலையே மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவுக்கு நீங்கள் வாயால்கூடச் சம்மதிக்கக் கூடாது. அது உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவு. உங்களுக்கு வேண்டியது ஜாப் ஷீட்டில் எழுதப்படும் ஒரு வரி: கசிவு எந்த இடத்தில், எதனால் என்று. "கேஸ் சார்ஜிங் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி பணம். இங்கே சட்டம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உங்கள் பக்கம் இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பராமரிப்பு வேலைகளை ஒரு பட்டியலாகப் பிரித்திருக்கிறது. கட்டடத்தின் கட்டுமானப் பழுது, குழாய்களை மாற்றுவது, மின் வயரிங் போன்றவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் முதலியவற்றோடு, மின் சாதனங்களின் பழுதும் வாடகைதாரர் பக்கத்தில் வருகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதன்படி. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தையும், அதோடு இணைத்த பொருள் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்ற சொற்கள் அதில் இருந்தால், அரித்துப்போன காயிலும் தளர்ந்த இணைப்பும் அந்தத் தேய்மானத்தில் சேரும் என்று வாதிட உங்களுக்கு இடமுண்டு. ஃபில்டர் கழுவுவதும் ஆண்டுக்கொருமுறை வாட்டர் சர்வீஸும் உங்களுடையவை. நீங்கள் குடிவந்த சில மாதங்களிலேயே தெரியவந்து, அவருடைய மெக்கானிக் ஒருமுறை அரைகுறையாக விட்டுப்போன கசிவு அவருடையது. நியாயம் என்று எனக்குப் படுவது இது.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், பார்க்கவரும் கட்டணத்தை மட்டும் நீங்கள் கொடுத்து, கம்பெனி சர்வீஸை வரவழையுங்கள்; கசிவு குறிக்கப்பட்ட ஜாப் ஷீட்டையும் மதிப்பீட்டையும் அவருக்கு அனுப்புங்கள். கோபத்தில் வாடகையில் கழித்துக்கொள்ள வேண்டாம். கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவது உரிமையாளர் செய்ய வேண்டிய வேலைகளுக்குத்தான். ஏசி அந்தப் பட்டியலில் இல்லாததால், நீங்கள் வாடகை பாக்கி வைத்தவராக ஆகிவிடுவீர்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, "ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் வழக்கமான சர்வீஸ் வாடகைதாரர் செலவு, கேஸ் கசிவு, கம்ப்ரஸர், காயில், போர்டு ஆகியவற்றின் பழுது உரிமையாளர் செலவு" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஒப்பந்தம் வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தமாக இருந்தால் அதற்கு இன்னும் நான்கு மாதமே இருக்கிறது.