6 மீட்டரில் N திடீரென்று விழுந்தால்

"மண்ணாய்வுத் துளையில் SPT சோதனை செய்தோம். மாதிரிக்குழாய் 30 செ.மீ. இறங்கத் தேவைப்பட்ட சுத்தியல் அடிகள், அதாவது N, 4.5 மீட்டரில் 18, 6 மீட்டரில் 5. இரண்டும் மணல்தான். நீர்மட்டம் 2 மீட்டர். திருத்தம் போட்டால் சரியாகுமா?"

ஆகாது. 6 மீட்டரில் மேல்மண்ணின் பயனுறு அழுத்தம் சுமார் 73 கிலோபாஸ்கல் இருக்கும்; அதற்கான திருத்தக் காரணி √(100/73) = 1.17. சுத்தியல் ஆற்றல் 60 சதவீதம் என்றே வைத்தாலும் 5 என்பது 6 ஆகும், அவ்வளவுதான். கலைந்துபோன மணலைத் திருத்தம் மீட்டுத் தராது.

துளைக்குள் தண்ணீர் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அடிமணல் பொங்கித் தளர்ந்திருக்கும். துரப்பணக் கருவியை வேகமாக உருவினாலும் இதே கதிதான். பதிவேட்டில் தண்டு நீளத்தைப் பாருங்கள்: 6 மீட்டர் துளைத்தும் மாதிரிக்குழாய் 5.7-லேயே நின்றிருந்தால் அந்த 5-ஐ ஒதுக்கிவிடுங்கள். அதிலிருந்து உராய்வுக் கோணம் கணிக்க வேண்டாம். பக்கத்தில் புதுத் துளை போட்டு, பென்டோனைட் கலவையை விளிம்புவரை நிரப்பியே வைத்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் 5 வந்தால் அது உண்மையிலேயே தளர்ந்த அடுக்கு.