ரிங்டோன் வெட்டும்போது 'டப்' சத்தம் ஏன் வருகிறது?

"பாட்டில் பிடித்த இடத்தை மட்டும் ரிங்டோனாக வெட்டினேன். தொடக்கத்தில் 'டப்' என்கிறது, முடிவும் பாதியில் அறுந்த மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?"

ஒலி என்பது ஏறி இறங்கும் அலை. அது உச்சியில் இருக்கும் நொடியில் வெட்டினால், சும்மா இருந்த ஸ்பீக்கர் ஒரே தாவாக அந்த உயரத்துக்குப் போக வேண்டும். அந்தத் தாவல்தான் 'டப்'. கிளட்சைப் படக்கென்று விட்டால் வண்டி குலுங்குமே, அதே கதைதான்.

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து Z விசையை அழுத்துங்கள். இரு ஓரங்களும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடும். தாளம் விழுவதற்கு ஒரு துளி முன்னால் தொடங்குங்கள். பாடகர் மூச்சிழுக்கும் சத்தம் உள்ளே வந்தால் கொஞ்சம் தள்ளி வெட்டுங்கள்.

முடிவில் ஒலி மெல்லத் தேய்ந்து மறைவதுதான் ஃபேட் அவுட். நீளம் 25 முதல் 30 நொடி போதும், அதற்குள் பெரும்பாலும் போனை எடுத்துவிடுவோம். பாட்டில் 1:02.4-இல் பல்லவி தொடங்குகிறது, 28 நொடி வேண்டும் என்றால், கட்டளை தட்டச்சு செய்து இயக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ஒரே வரி:

```
ffmpeg -ss 62.4 -i song.mp3 -t 28 -vn -af "afade=t=in:d=0.02,afade=t=out:st=25:d=3" tone.mp3
```

தொடக்கத்தில் ஒலி மெல்ல ஏறும் அந்த 0.02 நொடி காதுக்குத் தெரியாது, 'டப்'பை மட்டும் விழுங்கும். அதை 2 நொடி ஆக்கினால் போன் அடிப்பதே தாமதமாகத்தான் கேட்கும்.

அப்புறம், ஃபேட் அவுட் வெட்டிய பகுதிக்குப் பின்னால் கூடுதலாக ஒட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது கடைசி 3 நொடியையே தேய்க்கிறது. பல்லவியின் கடைசிச் சொல் முழுதாகக் கேட்க, 3 நொடி தள்ளி வெட்டுங்கள்.