தடித்த எழுத்து தலைப்பு ஆகாது

கேள்வி: வேர்டில் எழுதிய சைக்கிள் பராமரிப்புக் கட்டுரையை எங்கள் சிறிய இணையதளத்தில் ஒட்டினால் எழுத்தும் இடைவெளியும் தாறுமாறாகி விடுகிறது. இலவச மாற்றித் தளத்தில் கொடுக்கலாமா, இல்லை காசு கொடுத்து ஆள் வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கட்டுரையை முதலில் நோட்பேடில் ஒட்டுங்கள். வேர்டிலிருந்து கூடவே வரும் `MsoNormal`, `style` போன்ற குப்பை அங்கேயே உதிர்ந்துவிடும். வெறும் எழுத்துதான் மிஞ்சும். அதற்கு நீங்களே எச்டிஎம்எல் குறி போடுங்கள்:

```html
<h1>சைக்கிள் பராமரிப்பு</h1>
<p>சங்கிலி உலர்ந்தால் பல்சக்கரம் தேயும்.</p>
<h2>சங்கிலிக்கு எண்ணெய்</h2>
<ol>
  <li>பழைய அழுக்கைத் துடைக்கவும்.</li>
  <li>புது எண்ணெய் விடவும்.</li>
</ol>
<p><a href="/tyre.html">டயருக்குக் காற்றடிக்கும் முறை</a></p>
```

கட்டுரையின் பெயருக்கு மட்டும் `h1`. உள்ளே வரும் பகுதிகளுக்கு `h2`, அதற்குள் உட்பிரிவு இருந்தால் `h3`. எழுத்து சிறியதாக வேண்டும் என்று `h2`-வைத் தாண்டி `h4` போடாதீர்கள். அளவை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். தலைப்பை `<b>` போட்டுத் தடிமனாக்குவதும் வேண்டாம். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் H விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார்கள். `<b>` அதற்குத் தலைப்பாகவே தெரியாது.

வரிசை முக்கியமான வேலைகளுக்கு `ol`, மற்றப் பட்டியலுக்கு `ul`. நீங்கள் கையால் தட்டிய 1, 2 எண்களை அழித்துவிடுங்கள்; `ol` தானே எண் போடும், அழிக்காவிட்டால் "1. 1." என்று வரும். இணைப்பில் "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாமல், போகும் பக்கம் எதைப் பற்றியது என்று எழுதுங்கள்.

பத்தி இடைவெளிக்கு `<br><br>` கூடாது, `<p>` போதும். ஆனால் கவிதை, அஞ்சல் முகவரி இரண்டிலும் வரி முறிவதே பொருளின் பகுதி. அங்கே `<br>`தான் சரி. முகவரியின் ஒவ்வொரு வரிக்கும் தனி `<p>` போட்டால் அது துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும். கவிதையில் ஒரு கண்ணிக்கு ஒரு `<p>`, அதற்குள் அடி முடியும் இடத்தில் `<br>`.

இலவச மாற்றித் தளங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சில தளங்கள் தங்கள் விளம்பர இணைப்பை உங்கள் கட்டுரைக்குள் சத்தமில்லாமல் செருகிவிடும். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் அந்தக் கோப்பில் `href` என்று தேடி, நீங்கள் வைக்காத இணைப்பை நீக்குங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் ஆட்களிலும் பலர் வேர்டில் "வெப் பேஜாகச் சேமி"யை அழுத்தி, அந்தக் குப்பையையே திருப்பித் தருகிறார்கள். இத்தனை வருடமாகியும் சுத்தமான குறியைத் தரும் ஒரு பொத்தான் வேர்டில் சாதாரண மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

முடித்ததும், குறியில் பிழை பார்க்கும் validator.w3.org தளத்தில் ஒட்டிப் பாருங்கள். `</h2>` விட்டுப்போயிருந்தால் கீழே உள்ள பத்தியும் தலைப்பு அளவில் பெருத்து நிற்கும். எந்த வரியில் என்று அதுவே காட்டிவிடும்.